பச்சைப் பொட்டு வைத்த கார்டு

பரணியின் லேப்டாப் சர்வீஸ் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் மெஷினில் சிக்கிய பேப்பரைத் திட்டினால் அவன் அங்கிருந்து சிரிப்பான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாக வந்துவிடக்கூடிய இந்தச் சந்தில், தஹ்சீன் அக்கா என்றால் நான்தான். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். நீளம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது சொல்லப்போவது என்னைப் பற்றி அல்ல, முனீஸ்வரியைப் பற்றி.

முனீஸ்வரி சாணார்பட்டிக்காரி. அப்பா அழகர்சாமி தக்காளியும் கனகாம்பரமும் போடுகிறவர். அம்மா கருப்பாயி அதைப் பறித்துக் கட்டி டவுனுக்கு அனுப்புகிறவர். அந்த வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து கணக்கில் பட்டம் வாங்கினாள் முனீசு. அதே பஸ்ஸில், அதே படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் வந்தவன்தான் பரணி. அவன் கம்ப்யூட்டர் படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் காதல் கீதல் ஒன்றும் கிடையாது. சந்தில் சிலர் அப்படிப் பேசியபோது, "ஒங்க வீட்டுல அண்ணன் தங்கச்சி பேசிக்கிறதே இல்லையா?" என்று கேட்டு வாயை அடைத்தவள் முனீசுதான். பரணிக்குக் கூடப் பிறந்த பெண் கிடையாது. கடை வைப்பதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில் வாங்கிய முதல் போனஸில் அவளுக்குத்தான் சேலை எடுத்தான். அது எல்லாம் உண்மைதான், அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

பரணி இந்தக் கடையைத் திறந்தபோது கவுண்டரில் உட்கார ஆள் இல்லை. முனீசுக்கு அப்போது வேலை கிடைக்காத நேரம். காலையில் வந்து கடையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வருகிறவர்களிடம் பேசி, பில் போட்டு, இரண்டு வருஷம் அந்தக் கடையைத் தன் வீடு மாதிரி பார்த்துக்கொண்டாள். சாணார்பட்டிப் பக்கத்து வாத்தியார்கள், சின்னாளபட்டியில் ஆன்லைனில் சேலை விற்கிற தறிக்காரர்கள், எல்லோரையும் அழைத்து வந்தது அவள்தான். "நம்ம பையன்தான், நம்பிக் குடுங்க" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தே லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் ஒரு காலேஜ் வாத்தியார் வந்து, "உள்ளே இருந்த சாமானை மாத்திட்டீங்க" என்று கத்தி ரகளை செய்தார். பரணி மாற்றவில்லை. ஆனால் மாற்றவில்லை என்று எப்படிக் காட்டுவது? அன்று சாயங்காலம் முனீசு ஃபேன்சி ஸ்டோருக்குப் போய்ப் பல நிறத்தில் நகப்பாலிஷ் குப்பிகளை வாங்கி வந்தாள். மறுநாளிலிருந்து கடையில் ஒரு வழக்கம். யார் லேப்டாப் வந்தாலும் அவர்கள் கண் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு கழற்றக்கூடிய பொருளின் ஓரத்திலும் ஒரே நிறத்தில் பொட்டு வைப்பார்கள். உங்களுக்குச் சிவப்பு, அடுத்தவருக்கு நீலம். திரும்ப வாங்கும்போது மூடியைத் திறந்து பொட்டைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இது கிடையாது. பரணி கடை என்றால் "பொட்டு வைக்கிற கடை" என்று பெயர் வாங்கிவிட்டது.

பிறகு அவளுக்கு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே பாடம் எடுக்கிற வேலை. கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகிவிட்டது. அப்போதுதான் சென்னையில் இருக்கிற ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் சாயங்கால வகுப்பு எடுக்கத் தற்காலிகமாகச் சேர்ந்தாள். சிங்கப்பூர், துபாயில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு. வீட்டிலிருந்தே எடுக்கலாம், உட்கார்ந்து எடுக்கலாம். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துவிட்டது. கம்பெனிக்காரர்கள், நிரந்தர டீச்சராக எடுக்கிறோம், அதற்கு ஒரு டெமோ வகுப்பு எடுத்துக் காட்டுங்கள் என்றார்கள். அது மட்டும் கிடைத்தால் பள்ளிக்கூட வேலையை விட்டுவிடலாம். ஒரு மனுஷி தன் காலைக் காப்பாற்றிக்கொள்ள ஆசைப்பட்டாள், வேறொன்றும் இல்லை.

அதற்குச் சில மாதம் முன்னால் அவள் லேப்டாப்பில் கீபோர்டு போய்விட்டது. சில எழுத்துகள் விழவில்லை. பரணியிடம் கொடுத்தாள். மாற்றிக் கொடுத்தான், எழுத்தெல்லாம் நன்றாக விழுந்தது. ஆனால் அன்றிலிருந்து வைஃபை சரியாகப் பிடிக்கவில்லை.

வீட்டில் கூடத்துச் சுவரில் ரூட்டர் இருக்கிறது. அதே கூடத்தில் அவள் போனில் சிக்னல் முழுதாகக் காட்டும். அழகர்சாமி மாட்டுக்கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோ பார்ப்பார், ஓடும். இவள் லேப்டாப்பில் மட்டும் ஒற்றைக் கோடு. அதுவும் மினுக் மினுக் என்று வரும், போகும். உள்ளறையில் உட்கார்ந்தால் சுத்தமாக இல்லை. ரூட்டருக்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்தால் மட்டும் ஓரளவு ஓடும். லேப்டாப் மெல்லிசு ரகம், நேராக வயர் செருகுகிற ஓட்டையும் கிடையாது.

பரணியிடம் சொன்னாள். "கிராமத்து வீட்டுச் சுவரு கனம்ல, அதான்" என்றான். சுவர் போனுக்கு மட்டும் மெல்லிசாகிவிடுமா என்று நான் கேட்டேன். "அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தான். அடுத்த தடவை, விண்டோஸ் அப்டேட்டில் கோளாறு என்று எதையோ அழித்து எதையோ ஏற்றினான். மாறவில்லை. அதற்கடுத்த தடவை, ரூட்டர் பழசு என்றான். அவள் புது ரூட்டர் வாங்கினாள். அவனே சாணார்பட்டிக்கு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, உத்தரத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டிவிட்டு, கருப்பாயி கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். மாறவில்லை.

"வேற கடையில காட்டுடி" என்றேன்.

"பரணி பாத்ததுக்கு அப்புறம் வேற யாருக்கா பாக்குறது?" என்றாள்.

அதுதான் முனீசு. ஒருத்தரை நம்பிவிட்டால் பிறகு சோதித்துப் பார்க்க மாட்டாள். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. என் கூடப் பிறந்தவன் பால் வாங்கி வந்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பேன்.

டெமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பரணியிடம் வந்தாள். நான் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்தேன், அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"பரணி, நாளைக்கு டெமோடா. ஒரு தடவ தொறந்து பாத்துரு. மனசு திக்கு திக்குங்குது."

"தொறக்க என்ன இருக்கு? எல்லாம் சரியாத்தான் இருக்கு. ரூட்டருக்குக் கீழயே உக்காந்து எடு. ஒண்ணும் ஆகாது."

"நெசமாத்தானே?"

"ஏ, எம்மேல நம்பிக்க இல்லையா?"

அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். அழகர்சாமி தோட்டத்து மோட்டாரைப் போடவில்லை, வோல்டேஜ் இறங்கிவிடுமோ என்ற பயம். கருப்பாயி கோழிகளைக் கூடையில் போட்டு மூடிவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்தார். முனீசு ரூட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து வகுப்பைத் தொடங்கினாள். அந்தப் பக்கம் கம்பெனிக்காரர்களும் சில பிள்ளைகளும். பின்னங்களைப் பெருக்குவது பற்றிப் பாடம். ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து மடித்துப் பாதியில் பாதி என்ன என்று காட்டியிருக்கிறாள். ஒரு பிள்ளை, "மிஸ், இன்னொரு தடவை மடிங்க" என்று கேட்டது. மடித்ததைக் கேமராவுக்கு நன்றாகக் காட்ட லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்கித் தன் பக்கம் திருப்பினாள். படம் அப்படியே உறைந்து நின்றது.

சிக்னல் குறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வைஃபை அடையாளமே திரையில் இல்லை. அப்படி ஒரு வசதியே அந்த லேப்டாப்பில் இல்லாதது மாதிரி காணாமல் போய்விட்டது. அணைத்துப் போட்டாள். வரவில்லை. மறுபடி அணைத்து, ஆத்திரத்தில் அடிப்பக்கத்தை ஒரு தட்டு தட்டிப் போட்டாள். வந்தது. அதற்குள் வகுப்பை முடித்துவிட்டிருந்தார்கள்.

பாடம் நன்றாக இருந்தது, ஆனால் இணைய இணைப்பு நம்பகமாக இல்லாதவர்களை நிரந்தரமாக எடுப்பதில்லை என்று பதில் வந்தது. வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். தற்காலிக வகுப்புகளையும் ஒவ்வொன்றாக அவருக்கே கொடுத்துவிட்டார்கள். முனீசு வழக்கம்போலப் பள்ளிக்கூடத்தில் நின்றாள்.

அன்று பரணி அவளை உட்கார வைத்து ஆறுதல் சொன்னதை நான் பார்த்தேன். ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். "அந்தக் கம்பெனிக்குக் குடுத்து வைக்கல, விடு" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இருக்கியேடா, அது போதும்" என்றாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் முனீசு என் கடைக்கு வந்தாள். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் காலியாக இருக்கிறது, அங்கே கொஞ்சம் உட்கார விடுவார்களாம், விண்ணப்பத்தை பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றாள். லேப்டாப்பைத் திறந்து எனக்கு மெயில் அனுப்பப் பார்த்தாள். போகவில்லை. என் கடையில் ரூட்டர் ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே இருக்கிறது. அவள் உட்கார்ந்திருந்தது வாசல் பக்கத்து மேஜை. என் போனில் முழு சிக்னல். அவள் போனிலும் முழு சிக்னல். லேப்டாப்பில் ஒற்றைக் கோடு.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரூட்டர் பக்கம் போனாள், கோடு ஏறியது. மேஜைக்குத் திரும்பினாள், இறங்கியது. அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இது ஒங்க ரூட்டரு. ஒங்க சுவரு. நோவு மட்டும் இங்கயும் இருக்கே."

என் பழைய கம்ப்யூட்டரில் வைஃபை வராது என்பதற்காக யூஎஸ்பியில் செருகுகிற சின்ன வைஃபை துண்டு ஒன்று வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கித் தன் லேப்டாப்பில் செருகினாள். வாசல் மேஜையில் உட்கார்ந்தபடியே கோடு முழுதாக ஏறி நின்றது. மெயில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. விண்டோஸ் அதேதான், இடம் அதேதான். மாறியது வைஃபை பிடிக்கிற பொருள் மட்டும். அப்படியானால் கோளாறு லேப்டாப்புக்குள் இருக்கிற வைஃபை கார்டிலோ அதன் வயரிலோதான்.

"இந்தத் துண்டு மாதிரி ஒரு கொத்து பரணி கடையில ஆணியில தொங்குதே. ஒரு தடவகூட இதச் செருகிப் பாக்கச் சொல்லலையே?" என்றேன்.

"மறந்திருப்பான்" என்றாள். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

பரணி ரெட்டியார்சத்திரத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தான், கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. "வரட்டும்" என்று முதலில் சொன்னவள், செத்த நேரத்தில், "ஸ்க்ரூடிரைவர் இருக்காக்கா?" என்றாள். அந்தக் கடையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தவள். லேப்டாப்பை அணைத்து, அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு டப்பா மூடியில் வரிசையாக வைத்தாள். பழைய அடையாள அட்டையை விளிம்பில் செருகி மூடியை நெம்பினாள். முதல் வேலையாக பேட்டரி வயரைப் பிடுங்கினாள். நான் போன் டார்ச்சைப் பிடித்தேன்.

தபால் தலை அளவுக்கு ஒரு தகடு. அதுதான் வைஃபை கார்டு. திரை மடங்குகிற கீல் பக்கமிருந்து கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு மெல்லிய வயர் அதை நோக்கி வந்தன.

"ஆண்டெனா மேல திரையோட விளிம்புல இருக்குக்கா. சிக்னல் இந்த ரெண்டு வயர்லதான் எறங்கி வரும். வயர் நுனியில சின்ன வளையம் இருக்கும். கார்டுல ரெண்டு குமிழு இருக்கும். அது மேல வச்சு அமுக்குனா டக்குன்னு உக்காரணும்."

ஒன்றுமே உட்காரவில்லை. வெள்ளை வயரின் நுனி கார்டைத் தொடாமல் ஓரமாகச் சுருட்டி டேப்புக்கு அடியில் கிடந்தது. கறுப்பு வயர் குமிழ் மேல் சும்மா ஒப்புக்கு இருந்தது, அவள் நகம் பட்டதும் நழுவி விழுந்தது. வெள்ளை வயர் உட்கார வேண்டிய குமிழின் தங்க விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. பிய்ந்த குமிழில் வளையம் எப்படிப் பிடிக்கும்? அதனால்தான் அதை டேப் போட்டு மறைத்திருக்கிறான். ஆண்டெனா இல்லாத கார்டு பக்கத்தில் இருக்கிற ரூட்டரை மட்டும் ஏதோ தொட்டுத் தடவிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

டேப்பை உரித்தாள். உரித்ததும் கார்டின் மறுமுனை தானாகத் துள்ளி மேலே எழுந்து நின்றது. அங்கே ஸ்க்ரூ இல்லை. அந்தக் கார்டைச் சாய்வாகச் செருகி, கீழே அமுக்கி, நுனியில் ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு நிறுத்த வேண்டும். ஸ்க்ரூ இல்லாவிட்டால் டேப் தளரத் தளர கார்டு எழும்பும், செருகிய இடத்தில் பிடிப்பு விட்டுப்போகும். பிடிப்பு விட்டால் லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்தக் கார்டே இல்லை. டெமோவில் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பியபோது நடந்தது அதுதான்.

"தெரியாம விட்டிருப்பான்" என்றாள் முனீசு. எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு கார்டை உருவி வெளிச்சத்தில் திருப்பினாள். ஓரத்தில் ஒரு பொட்டு. கிளிப்பச்சை நிறம்.

அவள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நான், "பொட்டு இருக்கே, அப்ப பத்திரமாத்தானே வச்சிருக்கான்?" என்று அசடு மாதிரி கேட்டேன்.

"என் மெஷினுக்குப் பொட்டு வச்சதே இல்லக்கா. கீபோர்டு மாத்தக் குடுக்கையில, நமக்குள்ள எதுக்கு பொட்டுன்னு நான்தான் சொன்னேன்."

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே அவள். ஊரார் சாமான் மாறிவிடக் கூடாது என்று நகப்பாலிஷ் வாங்கி வந்தவள். தன் சாமானுக்கு மட்டும் அது வேண்டாம் என்று சொன்னவள். இப்போது அவள் லேப்டாப்புக்குள் அடுத்தவர் பொட்டு.

எனக்கு அந்தக் கிளிப்பச்சை சட்டென்று நினைவுக்கு வந்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிற கண்ணுசாமி. முனீசு கீபோர்டு மாற்றக் கொடுத்திருந்த அதே நாள் அவரும் லேப்டாப்போடு வந்திருந்தார். பரணி கடையில் வெக்கை என்று என் கடை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். "ஏனுங்கம்மா, மத்ததுல எல்லாம் வைஃபை நல்லா வருதுங்க, இது ஒண்ணுல மட்டும் புடிக்க மாட்டேங்குதுங்க. தம்பி பச்சைப் பொட்டு வேற வைக்குதுங்க, கிளியாட்டம்" என்று சிரித்தார். ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிற கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அடுத்த முறை வந்தபோது, மண்டியில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பிடிக்கிறது என்று பரணியை மெச்சியதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் முனீசிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பரணி வண்டியை நிறுத்தி ஷட்டரை ஏற்றுகிற சத்தம் கேட்டது. முனீசு திறந்து கிடந்த லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். அவனுக்காகக் காத்திருந்த ஒரு தாடிக்கொம்புக்கார அம்மா, மகளின் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து அப்போதுதான் கவுண்டர் மேல் வைத்திருந்தார். முனீசு தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். கார்டை மட்டும் கையில் பிடித்துக் காட்டினாள்.

"இது யாரு கார்டு பரணி?"

அவன் கார்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"நீ எதுக்குத் தொறந்த?"

"நீ தொறக்கல. அதான் நான் தொறந்தேன். யாரு கார்டு?"

"கண்ணுசாமி அய்யாவோடது." தரையைப் பார்த்தான். "ஒயரைச் சரியா மாட்டலாம்னு ட்வீசர்ல தூக்குனேன். சாஞ்சு இழுத்துருச்சு, குமிழு பிஞ்சிருச்சு. அவரு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நிக்கிறாரு. கையில வேற கார்டு இல்ல. ஒன் மெஷினு பக்கத்துல தொறந்து கெடந்துச்சு. ஒன்னோடத எடுத்து, அதுலயும் ஒரு பச்சைப் பொட்டு வச்சு அவருக்குப் போட்டேன். புதுக் கார்டு வந்ததும் ஒனக்கு மாத்திரலாம்னுதான்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. அன்னிக்கின்னு பாத்து வேற ஒருத்தரு அவசரம்னு நின்னாரு, அவருக்குப் போட்டுட்டேன்."

"அதுக்கப்புறம் வரவே இல்லையா?"

அவன் ஹெல்மெட்டின் பட்டையைத் திருகினான்.

"ரூட்டர மாத்தச் சொன்னியே. எங்க வீட்டுல ஸ்டூல் போட்டு ஏறுனியே. எங்கம்மா குடுத்த டீயக் குடிச்சியே. அப்பவும் ஒனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"டெமோக்கு மொத நாளு கைய புடிக்காத கொறையாக் கேட்டேன். தொறந்து பாருன்னு."

"ரூட்டருக்குக் கீழ உக்காந்தா ஓடிரும்னு நெனச்சேன் முனீசு. சத்தியமா. ஸ்க்ரூ போடாம விட்டது எனக்கே ஞாபகம் இல்ல. அப்பத் தொறந்திருந்தா நீ பாத்திருப்ப. என்ன சொல்றதுன்னு பயம்."

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஏலே, ஒனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தியே, தொண்டையில எறங்குச்சா ஒனக்கு?" என்று கத்தினேன். சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனீசு என் தோளைத் தொட்டு, "வேணாம்க்கா" என்றாள்.

பரணி அவசரமாக டிராயரைத் திறந்து ஒரு புதுக் கார்டை எடுத்து வைத்தான். உறை பிரிக்காத கார்டு. அது டிராயரில் எத்தனை காலமாக இருந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அன்று கைகலப்பாகியிருக்கும்.

"இப்பவே போட்டுத் தாரேன். செத்த நேரம்தான். நீ நம்ம ஆளு, நீன்னா பொறுத்துக்குவன்னுதானே அப்படிப் பண்ணேன். வேற யாருகிட்ட நான் அப்படி எடுத்துக்க முடியும்? அதுக்காக வெளியாளு மாதிரி நின்னு கேள்வி கேக்குறியே முனீசு."

அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அதுதான் கொடுமை. தன்னைத்தான் அவள் புண்படுத்திவிட்டாள் என்பது மாதிரி அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

முனீசு புதுக் கார்டைத் தொடவில்லை. பச்சைப் பொட்டு வைத்த கார்டைக் கவுண்டரில் வைத்தாள். லேப்டாப்பின் மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூ போடாமலே பைக்குள் திணித்தாள். எட்டு வருஷம் பஸ்ஸில், கடையில், நல்லது கெட்டதில் கூட நின்றவள். அந்த நட்பில் தனக்குக் கிடைத்த இடம் என்ன என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

தாடிக்கொம்பு அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளின் லேப்டாப்பை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வாசலுக்குத் திரும்பிய முனீசைக் கேட்டார்.

"ஏம்மா, நீ முன்னால இங்க இருந்த புள்ளதானே? புள்ள படிக்கிற பொட்டிம்மா இது. நம்பிக் குடுக்கலாமா?"

முனீசு நின்றாள். பரணி அவள் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். குடுக்காதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தம்மா அப்படியே திரும்பிப் போயிருப்பார். முனீசு பொய் சொல்லத் தெரியாதவள்.

"குடுங்கம்மா. நல்லாப் பண்ணிக் குடுப்பான். நீங்க வெளியாளுதானே."

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். அந்தம்மா லேப்டாப்பைக் கவுண்டரில் பரணி பக்கமாகத் தள்ளி வைத்தார். அவன் அதை வெகுநேரம் தொடவில்லை.